பேங்க் கேரண்டி பணத்தை கோர்ட் எப்போது தடுத்து நிறுத்தும்? ‘மோசடி’ என்று சொன்னால் போதுமா? - முழு விளக்கம்

கட்டுமான வேலையோ, இயந்திர சப்ளையோ, அரசு டெண்டர் எடுத்தவர்கள் எல்லோருக்கும் பழக்கமான வார்த்தை ‘பேங்க் கேரண்டி’. டெண்டர் கிடைத்த மகிழ்ச்சியில் வங்கிக்குப் போய் நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவோம். ஒருநாள் வங்கியில் இருந்து போன் வரும். “உங்க கேரண்டியை இன்வோக் பண்ணிட்டாங்க, பணம் கொடுக்கப் போறோம்” என்பார்கள். தப்பு நம்ம பக்கம் இல்லையே, கோர்ட்டுக்குப் போனால் ஸ்டே கிடைக்காதா என்பதுதான் அப்போது வரும் முதல் கேள்வி.

பெரும்பாலான நேரங்களில் கிடைக்காது என்பதுதான் பதில். ஏன் கிடைக்காது, எந்த அபூர்வமான சூழலில் கிடைக்கும், அந்த ‘மோசடி’ என்ற விதிவிலக்குக்கு நீதிமன்றங்கள் என்ன அர்த்தம் கொடுக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பேங்க் கேரண்டி எப்படி வேலை செய்கிறது?

புரிந்துகொள்ள ஒரு கற்பனை உதாரணம். சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு ஒப்பந்ததாரர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிறுவனத்துக்குக் கிடங்கு கட்டித் தரும் 2 கோடி ரூபாய் வேலை அவருக்குக் கிடைக்கிறது. வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனால் என்ன செய்வது என்ற பயம் அந்த நிறுவனத்துக்கு. அதனால் ஒப்பந்தத் தொகையில் 5 சதவீதம், அதாவது 10 லட்சம் ரூபாய்க்கு பேங்க் கேரண்டி கேட்கிறது.

ஒப்பந்ததாரர் தன் வங்கிக்குப் போகிறார். வங்கி 2 லட்சம் ரூபாயை ஃபிக்சட் டெபாசிட்டாகப் போடச் சொல்கிறது. இதற்கு மார்ஜின் என்று பெயர். மீதி 8 லட்சத்துக்கு வீட்டுப் பத்திரத்தை அடமானமாக வாங்கிக்கொள்கிறது. அதன்பிறகு, “நீங்கள் கேட்டால் 10 லட்சம் ரூபாய் வரை நாங்கள் தருகிறோம்” என்று அந்த நிறுவனத்துக்கு வங்கி எழுதிக் கொடுக்கிறது.

இதில் மூன்று பேர் இருப்பதைக் கவனியுங்கள். ஒப்பந்ததாரர், வங்கி, பணம் கேட்கும் உரிமை உள்ள நிறுவனம். கடைசியாகச் சொன்னவரைச் சட்ட மொழியில் ‘பயனாளி’ என்பார்கள்.

ஒப்பந்தங்களும் மூன்று இருக்கின்றன. ஒப்பந்ததாரருக்கும் நிறுவனத்துக்கும் இடையே கட்டுமான ஒப்பந்தம். ஒப்பந்ததாரருக்கும் வங்கிக்கும் இடையே, “நீங்கள் கட்ட நேர்ந்தால் நான் திருப்பித் தருகிறேன்” என்ற ஒப்பந்தம். வங்கிக்கும் நிறுவனத்துக்கும் இடையே இந்த உத்தரவாதம். மூன்றும் தனித்தனி. இந்த வழக்குகளில் வரும் தீர்ப்புகள் எல்லாமே இந்த ஒரு புள்ளியில்தான் நிற்கின்றன.

நிறுவனம் கேட்டதும் வங்கி 10 லட்சத்தைக் கொடுத்தால் அது யார் பணம்? முதலில் வங்கியின் பணம். அடுத்த நிமிடமே வங்கி 2 லட்சம் டெபாசிட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 8 லட்சம் ஒப்பந்ததாரர் தலையில் கடனாக ஏறும். கட்டவில்லை என்றால் கணக்கு வாராக்கடன் ஆகும், அடமானப் பத்திரத்தின் மீது கை வைப்பார்கள். அதனால்தான் இன்வோகேஷன் லெட்டர் வந்ததும் இத்தனை பதற்றம்.

‘ஆன் டிமாண்ட்’ வேறு, ‘பெர்ஃபார்மன்ஸ்’ வேறா?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். இவை இரண்டும் எதிரெதிர் வகைகள் என்று நினைக்கிறார்கள். உண்மையில் இவை இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

‘பெர்ஃபார்மன்ஸ் கேரண்டி’ என்பது இந்த உத்தரவாதம் எதற்காக என்று சொல்கிறது. வேலையை ஒழுங்காக முடித்துத் தருவதற்கான பிணை அது. இதேபோல முன்பணத்துக்காகக் கொடுப்பது அட்வான்ஸ் கேரண்டி, டெண்டரில் கலந்துகொள்ளக் கொடுப்பது பிட் கேரண்டி.

‘ஆன் டிமாண்ட்’ என்பது பணம் எப்படிக் கிடைக்கும் என்று சொல்கிறது. கேட்டால் போதும், வேறு எதையும் நிரூபிக்க வேண்டாம் என்று அர்த்தம்.

அதனால் ஒரே தாள் இரண்டாகவும் இருக்கலாம். நம் நாட்டில் அரசுத் துறைகளும் பெரிய நிறுவனங்களும் கேட்கும் பெர்ஃபார்மன்ஸ் கேரண்டிகள் பெரும்பாலும் ஆன் டிமாண்ட் வாசகத்தோடுதான் இருக்கும். “இது வெறும் பெர்ஃபார்மன்ஸ் கேரண்டிதானே, நான் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை என்று நிரூபித்தால்தானே பணம் போகும்?” என்று நினைத்துவிடக் கூடாது. தலைப்பில் என்ன பெயர் இருக்கிறது என்பது முக்கியமில்லை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் கணக்கு.

‘ஆன் டிமாண்ட்’ கேரண்டிக்கு உண்மையான எதிர்ப்பதம் ‘நிபந்தனை உள்ள கேரண்டி’. அதில், இன்னது நடந்தால்தான் வங்கி பணம் தர வேண்டும் என்று இருக்கும். அது நடந்ததா என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமல் பணம் நகராது.

வாசகத்தை எப்படிப் படிப்பது?

கேரண்டி தாளை எடுத்துப் பாருங்கள். எழுத்து மூலம் கேட்டதும், எந்த ஆட்சேபமும் இன்றி, ஒப்பந்ததாரர் தகராறு எழுப்பினாலும், கோர்ட்டிலோ நடுவர் முன்போ வழக்கு நிலுவையில் இருந்தாலும் பணம் தருவோம் என்ற ரீதியில் இருந்தால் அது நிபந்தனையற்றது. ஒப்பந்தம் மீறப்பட்டதா இல்லையா என்று முடிவு செய்யும் உரிமை பயனாளிக்கே உண்டு என்றும் பல கேரண்டிகளில் ஒரு வரி இருக்கும். அந்த வரி இருந்தால், “நான் மீறவில்லை” என்ற வாதம் வங்கியிடம் எடுபடாது.

மாறாக, ஒப்பந்தத்தின் இன்ன பிரிவின்படி உள்ள கடமைகள் நிறைவேற்றப்படாமல், அதனால் பயனாளிக்குத் தொகை கோரும் உரிமை ஏற்பட்டால் தருவோம் என்று இருந்தால் கதை மாறும்.

இதற்கு நல்ல உதாரணம், 1999இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஹிந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்‌ஷன் கம்பெனி எதிர் பீகார் மாநில அரசு வழக்கு. கட்டுமான வேலையைத் தொடங்க அரசு கொடுத்த முன்பணத்துக்காக அந்த நிறுவனம் பேங்க் கேரண்டி கொடுத்திருந்தது. பிறகு தகராறு வந்து, அரசு அதை இன்வோக் செய்தது. உச்ச நீதிமன்றம் கேரண்டியின் வாசகத்தைப் பிரித்துப் படித்தது. தொடக்கத்தில் நிபந்தனையற்றது போலத் தெரிந்தாலும், மூல ஒப்பந்தத்தின் ஒரு பிரிவைக் குறிப்பிட்டு, அதன் கடமைகள் மீறப்பட்டால்தான் தொகை கோரலாம் என்று கேரண்டியே சொன்னது. ஆகவே இது நிபந்தனையற்ற கேரண்டி அல்ல என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

அதே வழக்கில் இன்னொரு விஷயமும் வந்தது. கேரண்டி தலைமைப் பொறியாளருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் பணம் கேட்டு வங்கிக்குக் கடிதம் எழுதியவர் செயற்பொறியாளர். உரிமை இல்லாதவர் கேட்டது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். ஒப்பந்ததாரருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

இதில் மோசடி என்ற பேச்சே தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். கேரண்டி சொன்ன வழியில் பணம் கேட்கப்படவில்லை, அவ்வளவுதான். மோசடியை நிரூபிப்பதை விட இந்த வழி எளிது. ஆனால் கேரண்டியில் மூல ஒப்பந்தத்தைப் பற்றி முன்னுரையில் சும்மா குறிப்பிட்டிருந்தாலே அது நிபந்தனை உள்ளதாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் பின்னால் வந்த வினிடெக் எலெக்ட்ரானிக்ஸ் வழக்கில் தெளிவாக்கியிருக்கிறது. பணம் தரும் கடமையைச் சொல்லும் வரியிலேயே நிபந்தனை இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

கோர்ட் ஏன் தலையிடத் தயங்குகிறது?

இந்தியாவில் இந்தச் சட்டத்துக்கு அடித்தளம் போட்ட வழக்கு என்று வழக்கறிஞர்கள் முதலில் எடுப்பது, யு.பி. கோ-ஆப்பரேட்டிவ் ஃபெடரேஷன் எதிர் சிங் கன்சல்டன்ட்ஸ் அண்ட் இன்ஜினியர்ஸ் வழக்கு. தீர்ப்பு வந்தது 1987 நவம்பரில்.

உத்தரப் பிரதேசக் கூட்டுறவு சம்மேளனம் ஒரு வனஸ்பதி ஆலை அமைக்க முடிவு செய்தது. வேலை சிங் கன்சல்டன்ட்ஸ் நிறுவனத்துக்குப் போனது. அந்த நிறுவனம் இரண்டு பேங்க் கேரண்டிகள் கொடுத்தது. ஒன்று, வேலையை முடிப்பதற்காக 16.5 லட்சம் ரூபாய்க்கு. இன்னொன்று, வாங்கிய முன்பணத்துக்காக 33 லட்சம் ரூபாய்க்கு. பிறகு வழக்கமான கதைதான். வேலை தாமதம், யார் காரணம் என்ற சண்டை. சம்மேளனம் கேரண்டியை இன்வோக் செய்யப் போனது. நிறுவனம் கோர்ட்டுக்குப் போனது.

கீழ் நீதிமன்றம் தடை தர மறுத்தது. அலகாபாத் உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது. உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிவிட்டது.

நீதிபதிகள் சப்யசாச்சி முகர்ஜியும் ஜகந்நாத ஷெட்டியும் தனித்தனியாகத் தீர்ப்பு எழுதினாலும் இருவரும் வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான். வேலையை யார் கெடுத்தார்கள் என்பது ஒப்பந்ததாரருக்கும் சம்மேளனத்துக்கும் இடையே உள்ள பிரச்சினை. அதை நடுவர் தீர்ப்பார். வங்கி கொடுத்த வாக்கு தனி. தாமதத்துக்குக் காரணம் யார் என்ற தகராறைக் காட்டி வங்கியின் கையைக் கட்ட முடியாது.

இதன் பின்னால் ஒரு வியாபார நியாயம் இருக்கிறது. பேங்க் கேரண்டி என்பது கிட்டத்தட்ட பணத்துக்குப் பதிலாக வைத்த காகிதம். முன்பெல்லாம் ஒப்பந்ததாரர் 10 லட்சத்தை ரொக்கமாகக் கட்டி வைக்க வேண்டியிருந்தது. தகராறு வந்தால் பணம் பயனாளி கையில் இருக்கும், ஒப்பந்ததாரர்தான் வழக்குப் போட்டு வாங்க வேண்டும். அந்த ரொக்கத்துக்குப் பதிலாக வந்ததுதான் கேரண்டி. தகராறு வரும்போதெல்லாம் கோர்ட் அதைத் தடுத்தால், ரொக்கத்துக்குப் பதில் காகிதத்தை யாரும் வாங்கமாட்டார்கள். பழையபடி பணமாகக் கட்டு என்பார்கள். அதில் முதலில் அடிபடுவது கையில் முதலீடு குறைவாக உள்ள சின்ன ஒப்பந்ததாரர்தான்.

‘முதலில் பணம், பிறகு வாதம்’ என்று இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். இங்கிலாந்திலும் இதே நிலைதான். 1977இல் எட்வர்ட் ஓவன் இன்ஜினியரிங் எதிர் பார்க்லேஸ் வங்கி வழக்கில், லிபியாவில் பசுமைக்குடில் அமைக்க ஒப்புக்கொண்ட ஆங்கிலேய நிறுவனம் இந்தச் சிக்கலில் மாட்டியது. லிபிய வாடிக்கையாளர் தரவேண்டிய லெட்டர் ஆஃப் கிரெடிட்டையே சரியாகத் திறக்கவில்லை. இருந்தும் பெர்ஃபார்மன்ஸ் கேரண்டியை இன்வோக் செய்தார். தப்பு லிபிய தரப்பில்தான் என்று தோன்றிய நிலையிலும், வங்கி கொடுத்த வாக்கை நிறைவேற்றியே ஆகவேண்டும் என்றது அந்த நீதிமன்றம்.

அப்படின்னா ‘மோசடி’ எப்போது?

இந்த விதிவிலக்கின் ஆரம்பம் ஒரு இந்திய சரக்கில் இருக்கிறது. 1941, நியூயார்க். அங்குள்ள வியாபாரி ஸ்டெய்ன் என்பவர் இந்தியாவில் இருந்து பன்றி முடி போன்ற தூரிகை முடி வாங்க ஆர்டர் கொடுத்தார். பணத்துக்கு லெட்டர் ஆஃப் கிரெடிட் திறந்தார். விற்பனையாளர் 50 பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி, தூரிகை முடி அனுப்பியதாக ஆவணங்களைத் தயார் செய்து, கான்பூரில் இருந்த வங்கி வழியாகப் பணம் கேட்டார். பெட்டிகளில் இருந்தது மாட்டு முடியும் குப்பையும் என்பது ஸ்டெய்னின் புகார்.

லெட்டர் ஆஃப் கிரெடிட்டும் கேரண்டியைப் போலவே தனி ஒப்பந்தம். ஆவணம் சரியாக இருந்தால் வங்கி பணம் தர வேண்டும். ஆனால் நீதிபதி ஷியன்டாக் இங்கே ஒரு கோடு போட்டார். சரக்கு தரம் குறைவு என்றால் அது வாங்கியவருக்கும் விற்றவருக்குமான தகராறு, வங்கியைத் தடுக்க முடியாது. சரக்கே அனுப்பாமல் வேண்டுமென்றே குப்பையை அனுப்பிவிட்டு, பணம் கொடுக்கும் முன்பே அது வங்கிக்குத் தெரியவந்துவிட்டால், அந்த விற்பனையாளரைச் சட்டம் காப்பாற்றாது.

இந்தக் கோட்டின் மறுபக்கம் எப்படி இருக்கும்? அதற்கு நம்ம சென்னை வழக்கு ஒன்று. 1960களில் ஃபராக்கா அணைத் திட்டத்தின் கால்வாய் தோண்டும் வேலையை எடுத்த சென்னை நிறுவனம் தாராபூர் அண்ட் கம்பெனி. அதற்காக சோவியத் நாட்டின் டிராக்டர்ஸ் எக்ஸ்போர்ட் அமைப்பிடம் இருந்து மண் வாரும் இயந்திரங்களை வாங்கியது. சொன்ன அளவுக்கு இயந்திரங்கள் வேலை செய்யவில்லை என்று புகார் எழுப்பி, லெட்டர் ஆஃப் கிரெடிட் பணத்தைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே தடை கிடைக்கவில்லை. இயந்திரம் வந்திருக்கிறது, வேலை செய்வதில்தான் பிரச்சினை. இது தகராறு, மோசடி அல்ல. வங்கி கொடுத்த வாக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இந்த இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். சிங் கன்சல்டன்ட்ஸ் தீர்ப்பு இதைக் கேரண்டிக்குக் கொண்டுவந்தபோது, மோசடி என்பது மொத்தப் பரிவர்த்தனையின் அடித்தளத்தையே கெடுக்கும் அளவுக்குக் கொடியதாக இருக்க வேண்டும் என்றது. மோசடி செய்தவர் பயனாளியாக இருக்க வேண்டும், வேறு யாரோ செய்த மோசடி போதாது என்றும் சொன்னது.

நடைமுறையில் கோர்ட் மூன்று விஷயங்களைத் தேடும். முதலாவது, பணம் கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்று பயனாளிக்கே தெரியுமா? உரிமை இருப்பதாக அவர் நேர்மையாக நம்பினால், நம்பிக்கை தப்பாக இருந்தாலும் அது மோசடி ஆகாது. இரண்டாவது, அது வங்கிக்கும் தெளிவாகத் தெரிந்திருக்கிறதா? ஒப்பந்ததாரர் வங்கிக்கு, “அவர்கள் ஏமாற்றுகிறார்கள்” என்று எழுதிய கடிதம் மட்டும் ஆதாரம் ஆகாது. மூன்றாவது, வழக்கின் முதல் நாளிலேயே தெரியும்படி ஆதாரம் இருக்கிறதா? சாட்சி விசாரணைக்குப் பிறகுதான் தெரியும் என்றால், இடைக்காலத் தடைக்கு அது உதவாது.

மனுவில் மோசடி என்ற சொல்லை மட்டும் போட்டால் போதாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி மோசடி என்று சொல்பவர் யார், எப்போது, என்ன செய்தார் என்ற விவரங்களைத் தர வேண்டும்.

மோசடி இல்லாமலும் தடை கிடைக்குமா?

கிடைக்கலாம். உச்ச நீதிமன்றம் ஏற்கும் இரண்டாவது விதிவிலக்கு, ஈடு செய்யவே முடியாத அநீதி. பணம் போய்விட்டால் பிறகு எந்த வழியிலும் மீட்க முடியாது என்ற நிலை.

இதற்கு நீதிமன்றங்கள் காட்டும் உதாரணம் அமெரிக்காவின் ஐடெக் வழக்கு. ஈரானில் புரட்சி நடந்து, அமெரிக்க நிறுவனம் அங்குள்ள நீதிமன்றத்துக்குப் போய்ப் பணத்தைத் திரும்பக் கேட்கவே வழியில்லாமல் போன சூழல். அந்த அளவுக்கு இருக்க வேண்டும்.

இங்கே எவ்வளவு கடினம் என்பதை யு.பி. ஸ்டேட் சுகர் கார்ப்பரேஷன் எதிர் சுமக் இன்டர்நேஷனல் வழக்கு காட்டுகிறது. பயனாளியான சர்க்கரைக் கழகம் நலிவடைந்த நிறுவனமாகி தொழில் மறுசீரமைப்பு வாரியத்தின் முன் நிற்கிறது, நாளை ஜெயித்தாலும் பணம் திரும்பி வராது என்று வாதிட்டார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உச்ச நீதிமன்றம் அது போதாது என்றது. “பணம் போனால் என் கம்பெனி மூடிவிடும்”, “என் வீடு ஏலத்துக்கு வரும்” என்பதெல்லாம் கஷ்டம்தான். ஆனால் சட்டம் சொல்லும் ஈடு செய்ய முடியாத அநீதி இது அல்ல.

நம்ம உதாரணத்தில் என்ன நடக்கும்?

கொண்டப்பநாயக்கன்பட்டி ஒப்பந்ததாரரிடம் திரும்புவோம். கேரண்டி நிபந்தனையற்றது என்று வைத்துக்கொண்டு நான்கு சூழல்களைப் பார்க்கலாம்.

முதல் சூழல். நிறுவனம் இடத்தை மூன்று மாதம் தாமதமாகக் கொடுத்தது, இடையில் மழை, வேலை 60 சதவீதத்தில் நிற்கிறது. நிறுவனம் ஒப்பந்தத்தை ரத்து செய்து 10 லட்சம் கேட்கிறது. தாமதம் யாரால் என்பதற்கு ஒப்பந்ததாரர் கட்டுக் கட்டாகக் கடிதம் வைத்திருக்கிறார். தடை கிடைப்பது கடினம். சிங் கன்சல்டன்ட்ஸ் வழக்கு அப்படியே இதுதான்.

இரண்டாவது சூழல். கேரண்டி 31 மார்ச் வரை செல்லும், அதற்குள் கோரிக்கை வர வேண்டும் என்று இருக்கிறது. கடிதம் வங்கிக்கு வந்து சேர்ந்தது ஏப்ரல் 5. அல்லது, உரிமை உள்ள அதிகாரி கையெழுத்துப் போடவில்லை. இங்கே வங்கியே மறுக்கலாம். மறுக்காவிட்டால் கோர்ட்டில் வலுவான வாதம் இருக்கிறது. ஆனால் தேதிக் கணக்கில் ஜாக்கிரதை. கேரண்டியில் செல்லுபடி தேதிக்குப் பிறகு தனியாகக் கோரிக்கைக் காலம் என்று ஒன்று இருக்கலாம். ஒப்பந்தச் சட்டம் 28ஆவது பிரிவின் விதிவிலக்கு காரணமாக, வங்கிகள் அதை ஒரு வருடத்துக்குக் குறையாமல் வைப்பது உண்டு.

மூன்றாவது சூழல். முன்பணமாக 20 லட்சம் வாங்கி, அதற்குத் தனி கேரண்டி கொடுத்திருக்கிறார். முன்பணம் முழுவதையும் பில்களில் பிடித்தம் செய்துவிட்டதாக நிறுவனமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறது. பிறகு வேறு ஏதோ தகராறில், முன்பணம் பாக்கி என்று சொல்லி அந்த 20 லட்சம் கேரண்டியை இன்வோக் செய்கிறது. சொல்வது பொய் என்று நிறுவனத்துக்கே தெரியும், அதற்கு அவர்களின் கையெழுத்தே சாட்சி. மோசடி வாதம் நிற்கக்கூடிய இடம் இது. பிடித்தம் செய்யச் செய்ய கேரண்டி தொகையும் குறையும் என்ற வரி கேரண்டியில் இருந்தால் இன்னும் பலம்.

நான்காவது சூழல். வேலை முடிந்தது, முடிவுச் சான்றிதழ் தந்தாயிற்று, குறை சரிசெய்யும் காலமும் முடிந்து பாக்கி எதுவும் இல்லை என்றும் எழுதித் தந்தாயிற்று. அதன்பிறகும் வேலையே நடக்கவில்லை என்று சொல்லிப் பணம் கேட்டால், அது பெட்டியில் குப்பை அனுப்பிய கதைக்கு அருகில் வருகிறது.

கடைசி இரண்டிலும் ஒப்பந்ததாரரைக் காப்பாற்றுவது எதிர்தரப்பே எழுதிக் கொடுத்த காகிதம். தான் எழுதிய நூறு கடிதத்தை விட, பயனாளி கையெழுத்திட்ட ஒரு சான்றிதழ் கோர்ட்டில் பெரிது.

லெட்டர் வந்துவிட்டால் என்ன செய்வது?

நேரம்தான் பெரிய எதிரி. கேரண்டி சரியாக இன்வோக் செய்யப்பட்டிருந்தால் வங்கி நாள் கணக்கில் காத்திருக்காது. பணம் போன பிறகு தடை கேட்பதில் அர்த்தமில்லை.

முதலில் வங்கியிடம் இருந்து கோரிக்கைக் கடிதத்தின் நகலை வாங்குங்கள். கேரண்டியையும் கடிதத்தையும் பக்கத்தில் வைத்து ஐந்து விஷயம் பாருங்கள். கேரண்டி எண்ணும் தொகையும் சரியா? தேதிக்குள் வந்ததா? சரியான கிளைக்கு வந்ததா? கையெழுத்துப் போட்டவருக்கு உரிமை இருக்கிறதா? கேரண்டி கேட்கும் வாசகம், உதாரணமாக ஒப்பந்தம் மீறப்பட்டது என்ற அறிவிப்பு, கடிதத்தில் இருக்கிறதா? ஓட்டை இருந்தால் அன்றே வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள்.

ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்புப் பிரிவு இருந்தால், நடுவர் நியமிக்கப்படும் முன்பே 1996ஆம் ஆண்டு சமரசச் சட்டத்தின் 9ஆவது பிரிவின் கீழ் நீதிமன்றத்தில் இடைக்கால நிவாரணம் கேட்கலாம். அதில்லை என்றால் உரிமையியல் வழக்கும் தடை மனுவும். எந்த வழியில் போனாலும் அளவுகோல் மேலே சொன்ன அதேதான். தடை கிடைத்தாலும், வழக்கு முடியும் வரை கேரண்டியைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று கோர்ட் நிபந்தனை போடுவது வழக்கம். அதுவரை மார்ஜின் பணம் முடங்கியே கிடக்கும், கமிஷனும் கட்ட வேண்டும்.

இன்னொன்று. சில பயனாளிகள், “கேரண்டியை நீட்டித்துக் கொடு, இல்லையென்றால் பணத்தைக் கொடு” என்று வங்கிக்குக் கடிதம் எழுதுவார்கள். வேலை முடியத் தாமதமாகும்போது இது சகஜம். இதைப் பார்த்துப் பதறி கோர்ட்டுக்கு ஓடுவதை விட, நீட்டித்துக் கொடுப்பது பல நேரங்களில் செலவு குறைந்த வழி.

பணம் போய்விட்டால் எல்லாம் முடிந்ததா?

இல்லை. தடை மறுக்கப்பட்டது என்றால் பயனாளி செய்தது சரி என்று கோர்ட் சொன்னதாக அர்த்தம் இல்லை. வங்கி கொடுத்த வாக்கில் தலையிட மாட்டோம் என்று மட்டும்தான் அர்த்தம். ஒப்பந்தம் யாரால் மீறப்பட்டது என்ற கேள்வி அப்படியே உயிரோடு இருக்கிறது. நடுவர் முன்போ உரிமையியல் நீதிமன்றத்திலோ நிரூபித்தால் எடுத்த பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். முதல் சூழலில் சொன்ன அந்தக் கட்டுக் கட்டான கடிதங்கள் பயன்படப் போவது இந்த இடத்தில்தான்.

ஆனால் அதற்கு வருடங்கள் ஆகும். அதுவரை வங்கிக் கடன் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒப்பந்ததாரர் பேரம் பேச வேண்டிய நாள் இன்வோகேஷன் லெட்டர் வரும் நாள் அல்ல, கேரண்டி வாசகத்தில் கையெழுத்துப் போடும் நாள். யார் கேட்கலாம், என்ன அறிவிப்போடு கேட்கலாம், எந்தத் தேதி வரை கேட்கலாம், பிடித்தம் ஆக ஆகத் தொகை குறையுமா என்ற நான்கு வரிகளையும் அன்றே படித்துப் பார்த்துவிட வேண்டும். அரசு டெண்டரில் வாசகத்தை மாற்ற விடமாட்டார்கள். தனியார் வேலையில், கேட்டால் மாற்ற இடம் உண்டு.